அமர்வு மாறினால் புள்ளி மாறுவது ஏன்? சமப்படுத்திய புள்ளியைச் சரிபார்க்கும் முழுமையான வழிகாட்டி

பின்னேர அமர்வில் 66 எடுத்தவருக்குப் பெறுபேற்றுத் தாளில் 68.39 என்று வருகிறது. காலை அமர்வில் 70 எடுத்தவருக்கும் அதே 68.39. ஒருவருக்குக் கூடி, மற்றவருக்குக் குறைந்து, இரண்டு பேரும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். "கணினி ஏதோ பிழை விட்டுவிட்டது" என்று அலுவலகத்துக்கு ஓடுவதற்கு முன் ஒரு தாளும் கணிப்பானும் எடுத்தால் அரை மணித்தியாலத்தில் இதைச் சரிபார்த்துவிடலாம். பரீட்சையை நடத்தும் விரிவுரையாளருக்கும், பெறுபேறு கையில் உள்ள பரீட்சார்த்திக்கும் இதில் வேலை இருக்கிறது. இரண்டு பேரும் தொடங்கும் இடம்தான் வேறு.

இங்கே எடுத்துக்கொள்வது ஒரேயொரு முறை: ஒவ்வொரு அமர்வின் இடையையும் நியம விலகலையும் கொண்டு புள்ளிகளை ஒரு பொது அளவுக்குக் கொண்டுவருவது. உயர்தரம் எழுதிய எவருக்கும் இதன் அடிப்படை தெரியும், ஏனென்றால் இது இசட் புள்ளியேதான். இசட் புள்ளியில் பாடத்துக்குப் பாடம் ஒப்பிடுகிறோம், இங்கே அமர்வுக்கு அமர்வு. எல்லாப் பரீட்சையும் இந்த வழியில் போவதில்லை. இந்தியாவின் ஜே.இ.இ. மெயின் பரீட்சை அமர்வுக்குள் சதமணை கணித்து ஏழு தசமதானத்துக்குத் தருகிறது. கேட் பரீட்சை அமர்வின் முதல் 0.1 வீதத்தினரின் சராசரியையும் சூத்திரத்துக்குள் கொண்டுவருகிறது. அதனால் சரிபார்க்கத் தொடங்கும் முன் பரீட்சை அறிவித்தலில் எந்தச் சூத்திரம் என்று பார்த்துவிடுங்கள். சதமணையில் வந்த புள்ளியை இந்த முறையால் சோதித்தால் கட்டாயம் பிழைக்கும்.

எடுத்துக்கொள்ளும் பரீட்சை

120 கணினிகள் உள்ள ஓர் ஆய்வுகூடம். விண்ணப்பித்தவர்கள் 310 பேர். ஒரே நேரத்தில் இருத்த இடமில்லாததால் சனி காலை (S1), சனி பின்னேரம் (S2), ஞாயிறு காலை (S3) என்று மூன்று அமர்வு, மூன்று வினாத்தாள். ஒவ்வொன்றிலும் 50 பல்தேர்வு வினாக்கள், வினாவுக்கு 2 புள்ளி. பின்னேர அமர்வுக்குப் பதிந்த 110 பேரில் 10 பேர் வரவில்லை, மற்ற இரண்டிலும் எல்லோரும் வந்தார்கள். (இது கணக்கைக் காட்டுவதற்காக அமைத்த பரீட்சை.)

- S1: எழுதியோர் 120, இடை 58, நியம விலகல் 12
- S2: எழுதியோர் 100, இடை 50, நியம விலகல் 16
- S3: எழுதியோர் 80, இடை 53, நியம விலகல் 14

படி 1: மொத்தத்தின் இடையும் நியம விலகலும்

பொது அளவு என்பது எழுதிய 300 பேரையும் ஒன்றாக வைத்தால் வரும் இடையும் நியம விலகலும். இடையைக் காண ஒவ்வோர் அமர்வின் இடையையும் ஆட்தொகையால் பெருக்கிக் கூட்ட வேண்டும்: 120 × 58 + 100 × 50 + 80 × 53 = 16,200. இதை 300 ஆல் வகுக்க 54.00. மூன்று இடைகளையும் வெறுமனே கூட்டி மூன்றால் வகுத்தால் 53.67 வரும், அது பிழை.

நியம விலகலில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். 12, 16, 14 மூன்றினதும் சராசரி 14. ஆனால் மொத்தத்தின் நியம விலகல் அதுவல்ல. ஒவ்வோர் அமர்வுக்குள்ளும் உள்ள பரவலோடு, அந்த அமர்வின் இடை மொத்த இடையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதையும் சேர்க்க வேண்டும். S1 இன் இடை 4 மேலே, ஆகவே 12² + 4² = 160. S2 இன் இடை 4 கீழே, 16² + 4² = 272. S3 இன் இடை 1 கீழே, 14² + 1² = 197. இவற்றை ஆட்தொகையால் பெருக்கிக் கூட்டினால் 62,160. 300 ஆல் வகுக்க 207.2, அதன் வர்க்கமூலம் 14.394.

படி 2: சூத்திரத்தில் இடுவது

```
சமப்படுத்திய புள்ளி = 54 + (14.394 / s) × (x − m)
```

இங்கே x அவரின் மூலப் புள்ளி, m அவரது அமர்வின் இடை, s அந்த அமர்வின் நியம விலகல். S2 இல் 66 எடுத்தவர் இடையிலிருந்து 16 மேலே, அதாவது சரியாக ஒரு நியம விலகல் மேலே. 54 + 14.394 = 68.39. S1 இல் 70 எடுத்தவர் 12 மேலே, அவருக்கும் அது ஒரு நியம விலகல்தான். அதனால்தான் இருவரும் ஒரே இடம். மட்டந்தட்டலைக் கடைசியில் ஒருமுறை மட்டும் செய்யுங்கள். 14.394 ஐ 14 என்று இடையிலேயே வெட்டினால் இவர்களுக்கு 68.00 வரும். உயர்தர இசட் புள்ளியை நான்கு தசமதானத்துக்கு வெளியிடுவதை நினைத்துப் பாருங்கள். வெட்டுப்புள்ளியில் ஆட்கள் நெருங்கி நிற்கும்போது இரண்டாவது தசமமே ஆளைப் பிரிக்கும்.

படி 3: பட்டியல் கையில் உள்ளவர் செய்யவேண்டியது

எக்செல் தாளில் A நிரலில் சுட்டெண், C இல் அமர்வு, D இல் மூலப் புள்ளி, E இல் வரவு (வந்தவருக்கு P, வராதவருக்கு AB) என்று வையுங்கள். முதலில் COUNT கொண்டு D நிரலில் எத்தனை எண் இருக்கிறது என்று பாருங்கள். இந்தப் பரீட்சைக்கு 300 வரவேண்டும். 297 என்று வந்தால் மூன்று பேரின் புள்ளி எழுத்தாகப் பதிந்து கிடக்கிறது. பார்வைக்கு அது எண்ணாகவே தெரியும், ஆனால் AVERAGE அதைத் தொடாமல் கடந்துபோகும். 310 வந்தால் அதைவிட மோசம், அதற்குப் பிறகு வருகிறேன்.

```
=AVERAGEIFS($D$2:$D$311,$C$2:$C$311,"S2",$E$2:$E$311,"P")
=STDEV.P(IF(($C$2:$C$311="S2")*($E$2:$E$311="P"),$D$2:$D$311))
```

இரண்டாவது சூத்திரத்தைப் பழைய எக்செலில் Ctrl+Shift+Enter அழுத்தித்தான் உள்ளிட வேண்டும். வெறும் Enter அடித்தால் பிழையான விடையோ பிழைச் செய்தியோ வரும்.

STDEV.P என்று போட்டிருப்பதைக் கவனியுங்கள். எழுதிய எல்லோரும் கையில் இருக்கிறார்கள், இது மாதிரி எடுத்த தரவு அல்ல, ஆகவே n ஆல் வகுப்பதே பொருத்தம். ஆனால் நடத்துபவர்கள் STDEV.S பாவித்து, அதை அறிவித்தும் இருந்தால் நீங்களும் அதையே பாவிக்க வேண்டும். எல்லா இடத்திலும் STDEV.S போட்டால் மேலே சொன்ன 66, 68.39 க்குப் பதில் 68.35 ஆகும். இடையில் நிற்பவருக்கு வித்தியாசம் பூச்சியம், இடையிலிருந்து தள்ளித் தள்ளிப் போக வித்தியாசம் கூடும். உங்கள் விடையும் அவர்கள் விடையும் இந்த மாதிரியில் விலகினால் வேறெங்கும் தேடவேண்டாம்.

சமப்படுத்திய நிரல் நிரம்பியதும் ஒரு சோதனை. மட்டந்தட்டாத பெறுமானங்களை வைத்து ஒவ்வோர் அமர்வுக்கும் தனித்தனியாக இடையையும் நியம விலகலையும் திரும்பக் காணுங்கள். மூன்று அமர்வுக்கும் 54.00, 14.39 என்றே வரவேண்டும். ஓர் அமர்வில் மட்டும் 53.2 என்று வந்தால், அந்த அமர்வின் m அல்லது s பிழை, அல்லது ஆட்கள் மாறிப் போயிருக்கிறார்கள். அமர்வுக்குள் தரவரிசையும் மாறக்கூடாது. மூலப் புள்ளியில் முன்னுக்கு நின்றவர் சமப்படுத்தியபின் பின்னுக்குப் போயிருந்தால் அது சூத்திரத்தின் வேலை இல்லை.

எந்தப் பிழை ஆளின் இடத்தை மாற்றும்?

மொத்த இடையும் (54) மொத்த நியம விலகலும் (14.394) பிழைத்தால் 300 பேரும் ஒன்றாகவே நகர்வார்கள். சராசரிகளின் சராசரியை எடுத்து 53.67, 14.00 என்று போட்டிருந்தால் S2 இன் 66 உம் S1 இன் 70 உம் இரண்டுமே 67.67 ஆகும். யாரும் யாரையும் முந்துவதில்லை. சித்திப் புள்ளி 40 என்று நிலையாக வைத்திருந்தால் மட்டும் அதன் ஓரத்தில் நிற்பவர்கள் பாதிக்கப்படுவார்கள்.

ஆனால் ஓர் அமர்வின் m, s பிழைத்தால் அந்த அமர்வு முழுவதும் மற்ற அமர்வுகளைத் தாண்டி ஏறும் அல்லது இறங்கும். தரவரிசைப்படி ஆள் எடுக்கும் பரீட்சையில் முதலில் கை வைக்க வேண்டியது இங்கேதான்.

இந்தப் பிழையில் நான் முதலில் தேடுவது வராதவர்களுக்குப் பூச்சியம் இட்டிருக்கிறார்களா என்பதை. COUNT 310 காட்டுவது இப்போதுதான். S2 இன் அந்த 10 பேருக்கும் 0 விழுந்திருந்தால் அமர்வின் இடை 50 இலிருந்து 45.45 க்கு இறங்கும், நியம விலகல் 16 இலிருந்து 20.96 க்கு வீங்கும். மொத்தமும் 52.26, 17.07 ஆகிவிடும். இப்போது S2 இல் நடுவில் நின்ற 50 புள்ளிக்காரருக்கு 55.96, S1 இல் நடுவில் நின்ற 58 புள்ளிக்காரருக்கு 52.26. சமமாக நின்றவர்களுக்கு இடையில் 3.7 புள்ளி இடைவெளி. மேலே இருப்பவர்களுக்கு விடயம் தலைகீழ்: S2 இன் 66 க்கு 68.99, S1 இன் 70 க்கு 69.33. வராத பத்துப் பேர், வந்தவர்களில் நடுத்தரத்தாரை ஏற்றி, கெட்டிக்காரரை இறக்கிவிடுகிறார்கள். எழுதி உண்மையாகவே பூச்சியம் எடுத்தவர் கணக்கில் இருக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். அதனால்தான் வரவுக்குத் தனி நிரல் வைக்கச் சொன்னேன்.

படி 4: இடையும் விலகலும் வெளியிடாவிட்டால்

பரீட்சார்த்திகளுக்குப் பெரும்பாலும் m உம் s உம் கிடைப்பதில்லை. தன் மூலப் புள்ளியும் சமப்படுத்திய புள்ளியும் மட்டும் தெரியும். அதுவே போதும், ஒரே அமர்வில் எழுதிய இன்னும் இரண்டு மூன்று பேர் சேர்ந்தால். ஓர் அமர்வில் உள்ள எல்லோரும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும் என்பதுதான் இதன் அடிப்படை.

S2 இல் எழுதிய ஒருவருக்கு 42 → 46.80, இன்னொருவருக்கு 66 → 68.39 என்று வைப்போம். மூலத்தில் இடைவெளி 24, சமப்படுத்தியதில் 21.59. வகுத்தால் 0.8996. அதாவது அந்த அமர்வில் ஒரு மூலப் புள்ளியின் பெறுமதி 0.90. மூன்றாமவர் 58 எடுத்தவர். 46.80 + 16 × 0.8996 = 61.19. அவர் தாளில் 61.20 என்று இருந்தால் சரி, அந்த 0.01 மட்டந்தட்டலால் வந்தது. தெரிவு செய்யும் இருவரும் புள்ளியில் தூரத்தில் இருக்க வேண்டும். 64, 66 என்று அருகருகே எடுத்தால் மட்டந்தட்டலே சாய்வைக் குழப்பிவிடும்.

கோட்டில் இல்லாதவர் எவ்வளவு விலகி இருக்கிறார் என்பது காரணத்தையும் சொல்லிவிடும். சரியாக 1.80 குறைவு என்றால் 2 × 0.90, அதாவது ஒரு வினாவின் புள்ளி. விடைத்திறவு திருத்தப்பட்டு, அந்தத் திருத்தம் இவருக்கு மட்டும் போய்ச் சேரவில்லை என்று சந்தேகிக்கலாம். 66 எடுத்தவருக்கு 63.60 வந்திருந்தால், S1 இன் m, s ஐ இட்டுப் பாருங்கள்: 54 + (14.394 / 12) × 8 = 63.60. ஆளின் அமர்வுக் குறியீடு மாறிப் பதிந்திருக்கிறது. அமர்வை மாற்றிக் கேட்டு எழுதியவர்களிடம் இது நடக்க இடமுண்டு, பட்டியலில் பழைய அமர்வே நின்றுவிடும்.

பிழை போலத் தெரிந்தும் பிழையில்லாதவை

S2 கடினமான தாள் என்று எல்லோரும் ஏற்றுக்கொள்வார்கள், இடையே 50 தான். அதில் 96 எடுத்தவருக்கு 95.38 வருகிறது, அரைப் புள்ளிக்கு மேல் குறைவு. இலகுவான S1 இல் அதே 96 எடுத்தவருக்கு 99.58! கோபம் வரத்தான் செய்யும், ஆனால் கணக்கில் பிழையில்லை. S1 இல் புள்ளிகள் நெருங்கி நிற்பதால் (12) அங்கே இடையிலிருந்து விலகி நிற்பது அரிதாக எண்ணப்படுகிறது. 96 என்பது S1 இல் இடைக்கு 3.17 நியம விலகல் மேலே, S2 இல் 2.88 மட்டும். இந்தத் தரவில் S1 இல் 78 க்கு மேல் எடுத்தவர்களுக்குப் புள்ளி கூடும், அதற்குக் கீழ் குறையும். S2 இல் 88 வரை கூடும், 90 இலிருந்து குறையும். இலகுவான அமர்வு என்றால் எல்லோருக்கும் குறையும் என்ற எண்ணம் இங்கே செல்லாது. மேல் நுனியில் இது நியாயமா என்பது வேறு கேள்வி. என் அபிப்பிராயத்தில் ஒரு சில இடங்களுக்காக முதல் நிலையினரைப் பிரிக்கும் பரீட்சைக்கு இந்த முறை பொருந்தாது. ஆனால் அது சூத்திரத்தைத் தெரிவு செய்யும்போது கேட்கவேண்டிய கேள்வி, பெறுபேறு வந்தபின் கணக்குப் பிழை என்று எழுதக்கூடியது அல்ல.

அதே காரணத்தால் S1 இல் 98 க்கு 101.98 வரும். அடியில் 12 எடுத்தவருக்கு −1.18. 100 க்கு மேல் போவதை 100 இல் நிறுத்துவதா, அப்படியே விடுவதா என்பது முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டிய விதி. நிறுத்தியிருந்தால் படி 3 இல் அமர்வின் இடை 54.00 க்குச் சற்றுக் கீழே வரும், அதைக் கண்டு மிரள வேண்டாம்.

இன்னொன்று, ஒரு வினா பிழை என்று கண்டு அந்த அமர்வில் எல்லோருக்கும் 2 புள்ளி கொடுக்கும்போது. S2 இல் 60 பேர் அதற்கு ஏற்கனவே புள்ளி பெற்றிருந்தால், புதிதாக ஏறுவது 40 பேருக்கு. இடை 50.8 ஆகும். 66 எடுத்தவர் முன்பே அந்த வினாவுக்குப் புள்ளி பெற்றவர் என்றால் அவர் 66 இலேயே நிற்க, இடை அவரை நோக்கி ஏறுகிறது. அவரது சமப்படுத்திய புள்ளி குறையலாம். மொத்த இடையும் 54.27 ஆவதால், அந்த வினாவைக் கண்ணாலும் காணாத S1, S3 காரரின் புள்ளிகள்கூட மாறும். மாறாமல் பழையபடி நின்றால்தான் சந்தேகிக்க வேண்டும்: திருத்தத்துக்குப் பின் m, s எதையும் மீளக் கணிக்கவில்லை.

கணக்கு சரி, அடிப்படை பிழை

இந்த முறை முழுவதும் ஓர் எடுகோளில் நிற்கிறது. மூன்று அமர்விலும் இருந்த ஆட்கள் மொத்தத்தில் ஒரே தரத்தவர்கள், வித்தியாசம் தாளில்தான் என்பதே அது. ஆட்களை எழுமாற்றாகப் பிரித்திருந்தால் இது ஓரளவு நிற்கும். நெடுந்தீவு, நயினாதீவுக்காரர் குறிகட்டுவானுக்கு வந்து பஸ் பிடித்து வரவேண்டும் என்று எல்லோரையும் பின்னேர அமர்வில் போட்டால் நல்ல மனதோடு செய்த வேலைதான், ஆனால் எழுமாற்றுப் போய்விட்டது. இரண்டாம் தடவை எழுதுவோரை எல்லாம் ஞாயிறில் போட்டாலும் அதே கதை. அவர்கள் உண்மையில் கெட்டிக்காரராக இருந்து இடை கூடினாலும், தாள் இலகு என்று எண்ணி அவர்களின் புள்ளியைச் சூத்திரம் வெட்டும்.

யாரை யாரோடு சேர்த்துக் கணிப்பது என்ற கேள்வி நம் நாட்டில் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2011 உயர்தரப் பரீட்சையில் பழைய, புதிய பாடத்திட்டங்களில் எழுதியோரைச் சேர்த்துக் கணித்த இசட் புள்ளியை உச்ச நீதிமன்றம் 2012 இல் செல்லாதென்று ஆக்கி, இரு தொகுதிக்கும் தனித்தனியாகக் கணிக்கச் சொன்னது.

தாள்களில் சில வினாக்கள் மூன்று அமர்வுக்கும் பொதுவாக இருந்தால் இதைச் சோதிக்கலாம். அந்தப் பொது வினாக்களில் மட்டும் ஒவ்வோர் அமர்வும் எடுத்த சராசரியைப் பாருங்கள். மூன்றிலும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்து, மொத்த இடை மட்டும் 58, 50 என்று விலகினால் தாள்தான் கடினம், சமப்படுத்தியது சரி. பொது வினாக்களிலும் S2 அதேயளவு பின்தங்கினால் S2 இன் ஆட்களே பலவீனமானவர்கள், அவர்களுக்குக் கிடைத்தது அவர்களுக்கு உரியதல்ல. ஆனால் காலையில் எழுதியவர் வெளியே வந்து பின்னேரக்காரருக்கு வினாவைச் சொல்லியிருந்தால் இந்தச் சோதனையும் கெட்டுவிடும். பொது வினாக்களில் மட்டும் S2, S3 திடீரென்று உயர்ந்து நிற்பதே அதற்கு அடையாளம்.

மேன்முறையீடு எழுதும்போது

"எனக்குப் புள்ளி குறைந்துவிட்டது" என்று எழுதினால் "சூத்திரப்படி கணிக்கப்பட்டது" என்று ஒரு வரியில் பதில் வரும். சுட்டெண், எழுதிய அமர்வு, மூலப் புள்ளி, கிடைத்த சமப்படுத்திய புள்ளி ஆகியவற்றை முதலில் எழுதுங்கள். பிறகு உங்கள் அமர்வின் மூன்று பேரின் புள்ளிச் சோடிகளை (அவர்களின் சம்மதத்தோடு) இட்டு, அந்தக் கோட்டின்படி உங்களுக்கு வரவேண்டியதையும், எவ்வளவு விலகுகிறது என்பதையும் காட்டுங்கள். கடைசியில் கேட்கவேண்டியவை: உங்கள் அமர்வில் கணக்கில் எடுத்த ஆட்தொகை, அந்த அமர்வின் இடை, நியம விலகல், மொத்தத்தின் அதே இரண்டு. ஆட்தொகையைக் கேட்க மறக்கவேண்டாம். 100 பேர் எழுதிய அமர்வுக்கு 110 என்று பதில் வந்தால் மிச்சக் கணக்கை நீங்கள் செய்யவே தேவையில்லை.